சங்கத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன் சேர்விடாப்பைத் திறவுங்கள்

2014ஆம் ஆண்டு, வடகொழும்பில் நான் படித்த பாடசாலையின் பழைய மாணவர் ஒன்றுகூடலில் வரவேற்பு மேசை என் பொறுப்பில் இருந்தது. வருகிறவரின் பெயரைக் கேட்டு ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டையில் இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்று "பெயர்", மற்றது "உயர்தர அணி". எழுபத்தைந்து வயதை நெருங்கிய ஓர் அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். பெயரை எழுதினேன். அடுத்த வரியில் பேனா நின்றது.

"நான் 1956இல் எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு நின்றுவிட்டேன், தம்பி. உயர்தரம் அப்போது இங்கே இருக்கவே இல்லை. இதில் என்ன போடுவீர்கள்?"

நான் எதுவும் போடவில்லை. அவர் அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார், சேலையில் குத்திக்கொள்ளவில்லை. அவர் எந்தக் காலத்தவர் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் அருகில் போய் உட்காரவும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் போய்விட்டார். அடுத்த ஆண்டு வரவில்லை. அந்த அட்டையை வடிவமைத்து அச்சுக்குக் கொடுத்தவன் நான்தான்.

புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்களும், தூங்கிக்கிடந்த சங்கத்தை எழுப்புகிறவர்களும் பெயர் விடயத்தில் வழக்கமாக ஒரே இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நான்கு பேர் வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் கூடி, நினைவு, அலை, வசந்தம், மலர் என்ற சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த நான்கு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு அழகாகப் படுகிற பெயர் அவர்களுடைய பள்ளிக்காலத்தின் பெயர். அதற்குள் மற்றவர்களை அழைத்தால் விருந்தாளியாகத்தான் வருவார்கள். ஆகவே சொல்லிலிருந்து தொடங்க வேண்டாம். யாருக்கான பெயர் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வேலை: இடாப்பைப் பார்ப்பது

ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்விடாப்பு இருக்கும். மாணவரின் சேர்விலக்கம், பெயர், சேர்ந்த திகதி, விலகிய திகதி ஆகியவை வரிசையாக எழுதப்பட்ட பெரிய புத்தகம் அது. அதிபரிடம் அனுமதி கேட்டு, அலுவலகத்திலேயே உட்கார்ந்து ஒரு முற்பகல் பார்த்தால் போதும். படம் எடுக்க வேண்டாம், பெயர்களைப் பிரதிசெய்யவும் வேண்டாம். உங்களுக்குத் தேவை ஆட்களின் விபரம் அன்று, ஆட்களின் வகை. பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தாண்டிலும் யார் வந்தார்கள், எந்த வகுப்போடு போனார்கள், பாடசாலையின் பெயர் அப்போது என்ன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாளில் வந்தது இது. பாடசாலை தொடங்கியபோது அதன் பெயரில் "தமிழ்க் கலவன் பாடசாலை" என்று இருந்தது. அரசு பொறுப்பேற்ற பிறகு "மகா வித்தியாலயம்" ஆயிற்று, பின்னர் "கல்லூரி" ஆயிற்று. ஆரம்பத்தில் பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள், இன்றும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு வேறு பாடசாலைக்குப் போனவர்கள் ஏராளம். சாதாரண தரத்தோடு வேலைக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். உயர்தரத்துக்கு மட்டும் மலையகத்திலிருந்து வந்து இரண்டரை வருடம் படித்தவர்கள் இருந்தார்கள். 1983 ஜூலைக்குப் பின்வரும் பக்கங்களில் விலகிய திகதிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. சில வரிகளில் விலகிய திகதியே இல்லை. விடுகைப்பத்திரம் வாங்கக்கூட நேரமில்லாமல் போன பிள்ளைகள் அவர்கள்.

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இந்தத் தாளில் உள்ளவர்களில் யார் இந்தப் பெயரைக் கேட்டு "அது எங்களுக்கில்லை" என்று சொல்வார்? "உயர்தர அணி" என்ற சொல், எங்கள் இடாப்பில் உள்ளவர்களில் பெரும்பாலானோரை ஒரே அடியில் வெளியே நிறுத்தியிருந்தது.

சங்கத்தின் பெயரில் உள்ள துண்டுகள்

பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். பாடசாலையின் பெயர், "பழைய மாணவர்", "சங்கம்", தேவையென்றால் ஊர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிக்கல் உண்டு.

பாடசாலையின் பெயர் மாறியிருந்தால், இன்றைய பெயர்தான் சட்டப்படி நிற்கும். வங்கிக்கும் கல்வித் திணைக்களத்துக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கலவன் பாடசாலைக் காலத்தவருக்குக் "கல்லூரி" என்பது வேறோர் இடம். "நாங்கள் கல்லூரியில் படிக்கவில்லையே" என்று எங்களிடம் உண்மையாகவே சொன்னார்கள். நாங்கள் கண்ட வழி, பெயரை இன்றையபடி வைத்துவிட்டு, கடிதத் தலைப்பிலும் பதாகையிலும் அதற்குக் கீழே பாடசாலையின் பழைய பெயர்கள் இரண்டையும் சிறிய எழுத்தில், ஆண்டுகளோடு, ஒரு வரியாகப் போடுவது. அச்சுச் செலவு ஒரு சதமும் கூடவில்லை. ஆனால் அழைப்பிதழைக் கையில் வாங்கிய மூத்தவர்கள் முதலில் வாசித்தது அந்த வரியைத்தான்.

"மாணவர்" என்ற சொல் இலக்கணப்படி இருபாலுக்கும் பொது. எழுத்தில் அது சரி, கொழும்பில் காதில் விழும்போது அப்படி இல்லை. இங்கே பெண்கள் பாடசாலைகளுக்கெல்லாம் "பழைய மாணவிகள் சங்கம்" என்று தனியாக இருக்கிறது. அதனால் "பழைய மாணவர் சங்கம்" என்றால் பையன்களின் சங்கம் என்றே காது எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஓ.பி.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது, அந்தச் சுருக்கத்தின் நடுவில் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கலவன் பாடசாலை ஒன்று இந்தச் சுருக்கத்தைத் தன் பதாகையில் போட்டால், பாதி ஆட்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

"மாணாக்கர்" போடலாம் என்று ஒரு தமிழாசிரியர் சொன்னார். சொல் நல்லது, ஆனால் தொலைபேசியில் சொன்னால் மூன்றில் ஒருவர் "என்ன?" என்று திருப்பிக் கேட்டார். "மாணவ மாணவியர்" தெளிவானது, நீளமானது. இறப்பர் முத்திரையில் எழுத்துச் சிறுத்துவிடும். என் தெரிவு இது: முத்திரைக்கும் வங்கிக்கும் "பழைய மாணவர் சங்கம்", அழைப்பிதழின் விளிப்பில் எப்போதும் "மாணவ மாணவியரே", ஆங்கிலப் பெயரில் "ஓல்ட் போய்ஸ்" அறவே இல்லாமல் "பாஸ்ட் பியூபில்ஸ்". பாடசாலை பையன்களுக்கு மட்டுமானதாக இருந்து பிற்பாடு கலவனாக மாறியிருந்தால் மட்டும் நீளத்தைப் பொறுத்துக்கொண்டு "மாணவ மாணவியர்" என்றே முத்திரையிலும் வெட்டுங்கள். அங்கே பழைய பழக்கம் பலமாக இருக்கும், அடைப்புக்குள் சொல்லும் விளக்கத்தால் அதை அசைக்க முடியாது.

மூன்றாவது துண்டில் அதிகம் யோசிக்க வேண்டாம். "சங்கம்" என்பதை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். "கழகம்" என்றால் விளையாட்டுக் கழகம் என்று நினைப்பார்கள், "மன்றம்" பாடசாலைக்குள் நடக்கும் இலக்கிய மன்றத்தை ஞாபகப்படுத்தும், "பேரவை" அரசியல் வாடை அடிக்கும்.

ஊர்ப் பெயரில் ஒரு கொழும்புச் சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள பாடசாலைகளின் பழைய மாணவர்கள் இங்கே வாழ்வதால் அந்தச் சங்கங்களின் "கொழும்புக் கிளை"கள் இந்நகரில் பல இயங்குகின்றன. அங்கே "கொழும்பு" என்ற சொல் உறுப்பினர் வசிக்கும் இடத்தைக் குறிக்கிறது. உங்கள் பாடசாலையே கொழும்பில் இருந்தால், பெயரின் கடைசியில் "கொழும்பு" என்று சேர்ப்பது உங்களை ஒரு கிளையாகக் காட்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற உங்கள் பழைய மாணவர், இது கொழும்பில் வசிக்கிறவர்களுக்கு மட்டும் என்று விலகிக்கொள்வார். ஊர் வேண்டுமென்றால் பாடசாலைப் பெயரின் பகுதியாக முன்னால் வரட்டும். மறுபுறம், நீங்கள் தொடங்குவது உண்மையிலேயே ஒரு கிளை என்றால் "கிளை" என்ற சொல்லை விழுங்காதீர்கள். தாய்ச் சங்கத்தோடு பிறகு வரும் சண்டைகளில் பாதி அந்த ஒரு சொல் இல்லாமல் போனதால் வருவது.

அணிக்குப் பெயரிடுவது

சங்கத்தின் பெயரை எவ்வளவு கவனமாக வைத்தாலும், ஆட்களை உள்ளே எடுப்பதும் வெளியே விடுவதும் அணியின் பெயர்தான். நம்மிடம் வழக்கம், உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டால் அணியை அழைப்பது. "2004 அணி", "98 அணி" என்கிறோம். இளையவர்களுக்கு வசதியாகத் தோன்றும் இந்த வழக்கம் மூன்று இடங்களில் உடைகிறது.

முதலாவது, பரீட்சையே மாறிய காலங்கள். 1950களில் எஸ்.எஸ்.சி., 1970களின் நடுப்பகுதியில் சில ஆண்டுகள் என்.சி.ஜி.ஈ., பிறகு மீண்டும் க.பொ.த. அந்தந்தக் காலத்தவரிடம் "உயர்தர ஆண்டு என்ன?" என்று கேட்டால், நான் அந்த அம்மாவிடம் வாங்கிய பதிலைத்தான் நீங்களும் வாங்குவீர்கள்.

இரண்டாவது, பரீட்சை ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் பிரிந்துபோன அண்மைக் காலம். கொரோனாவுக்குப் பிறகு 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. 2022க்கானது 2023 ஜனவரியில், 2023க்கானது 2024 ஜனவரியில். 2024க்கானதோ அதே 2024 நவம்பரில் தொடங்கிவிட்டது. ஒரே நாட்காட்டி ஆண்டில் இரண்டு கூட்டத்தார் உயர்தரம் எழுதினார்கள். வரவேற்பு மேசையில் "2024 அணி" என்று யாராவது சொன்னால் எந்த 2024 என்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்களிடம் ஒரு முறை இரண்டு அணிகளும் ஒரே மேசைக்கு வந்து, ஒரு தட்டு வடைக்கு உரிமை கோரின.

மூன்றாவதுதான் பெரியது. பரீட்சை எழுதாமல் போனவர்களுக்கு அந்த முறையில் இடமே இல்லை. 1983இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்து, ஓகஸ்டில் வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருந்த பையன் எந்த அணி? அவனோடு படித்தவர்கள் அவனைத் தங்களில் ஒருவனாகத்தான் நினைக்கிறார்கள். படிவம் அப்படி நினைப்பதில்லை.

மாற்று எளிது. பதிவுப் படிவத்தில் மூன்று கேள்விகள் போதும்: எந்த ஆண்டு சேர்ந்தீர்கள்? எந்த ஆண்டு விலகினீர்கள்? எந்த ஆண்டு அணியினரோடு உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் அவருடைய விருப்பம், சங்கம் அதைத் திருத்தக் கூடாது. அட்டையில் அச்சிடுவது முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும்: "1977 – 1983". ஐந்தாம் வகுப்போடு போனவருக்கும் உயர்தரத்துக்கு மட்டும் வந்தவருக்கும் எஸ்.எஸ்.சி. எழுதியவருக்கும் இந்த வரி ஒரே மாதிரி நிரம்பும். எதிரே நிற்பவர் இரண்டு எண்களையும் பார்த்ததும் "அப்படியென்றால் நீங்கள் வந்த வருடம் நான் எட்டாம் வகுப்பு" என்று கணக்குப் போட்டுப் பேச்சைத் தொடங்கிவிடுகிறார். பரீட்சை ஆண்டை மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கணக்குப் பிறக்காது.

ஆண்டு மறந்துபோனவர்கள் வருவார்கள். அவர்களிடம் "எந்த அதிபர் காலம்?" என்று கேளுங்கள், உடனே வரும். அதிபர்களின் பெயரும் பதவிக்காலமும் எழுதிய தாளொன்றை மேசையில் வைத்துக்கொண்டால் ஆண்டை நீங்களே கண்டுபிடித்து எழுதலாம். ஆனால் அதிபர் காலத்தையே அணியின் பெயராக அச்சிட வேண்டாம். எல்லா அதிபர்களையும் எல்லோரும் ஒரே மனதோடு நினைப்பதில்லை.

ஒன்றுகூடலின் பெயர்

வருடாந்த நிகழ்வின் பெயரை வாசித்ததுமே, தான் போகலாமா என்று ஆள் முடிவுசெய்துவிடுகிறார். நாங்கள் தொடக்கத்தில் "வருடாந்த இராப்போசன விருந்து" என்று அச்சிட்டோம். இராப்போசனம் என்றால் இரவு, மண்டபம், விலையுயர்ந்த டிக்கெட், கோட்டு, மதுவும் இருக்கலாம். இத்தனையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இரவில் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டிய மூத்தவர்களும், தனியாக வர வேண்டிய பெண்களும், முஸ்லிம் நண்பர்கள் பலரும் டிக்கெட் விலையைக் கேட்கும் முன்னரே ஒதுங்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் நாற்பது வயதுக்காரரான எங்களைப் போன்றவர்கள்தான். "பொங்கல் விழா" என்று வைத்தால் வேறொரு பகுதியினர் ஒதுங்குவார்கள். "குடும்ப ஒன்றுகூடல்" அன்பான பெயர் போலத் தெரியும். மணம் செய்யாதவரிடமும் துணையை இழந்தவரிடமும் அதைச் சொல்லிப் பாருங்கள்.

"ஒன்றுகூடல்" என்ற வெறும் சொல் இந்தச் சுமைகளில் எதையும் தூக்குவதில்லை. சங்கத்தின் பெயர், "ஒன்றுகூடல்", ஆண்டு. இதற்கு மேல் நிலையான பெயரில் எதுவும் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் கவிதையாக ஏதாவது எழுத ஆசைப்படுகிறவர்கள் குழுவில் இருப்பார்கள், அவர்களுக்கு உபதலைப்பைக் கொடுத்துவிடுங்கள். அதிலும் "வசந்தம்" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். பள்ளிக்காலம் 1983இல் முடிந்துபோனவர்களும் அந்தப் பதாகையைப் பார்ப்பார்கள்.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பெயரோடு நேரத்தையும் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, பாடசாலை மண்டபம், மதிய உணவு, மூன்று மணிக்கு முடிவு. "ஒன்றுகூடல்" என்று அச்சிட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு வைத்திருந்தால் ஆட்கள் மாறியிருக்க மாட்டார்கள். இராப்போசனத்தையும் விட்டுவிடவில்லை. நிதி சேர்க்கும் நிகழ்வாக அது தனியே, தன் பெயரிலேயே நடக்கிறது.

எண்ணிக்கை போடுவதா ஆண்டு போடுவதா என்ற கேள்வி வரும். "12ஆவது ஒன்றுகூடல்" என்று போட்டால், நடக்காத ஆண்டுகள் வந்ததும் குழப்பம். 2020இலும் 2021இலும் எத்தனை சங்கங்களின் எண்ணிக்கை தடுமாறியது என்று செயலாளர்களுக்குத் தெரியும். ஆண்டு தடுமாறாது.

பொறுப்பெடுத்து நடத்தும் அணியின் பெயர் விடயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். பாடசாலையை விட்டு 25 ஆண்டு நிறைந்த அணி அவ்வருட நிகழ்வை நடத்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பணமும் உழைப்பும் அவர்களுடையது, பெருமை வேண்டும் என்பது நியாயம். ஆனால் பதாகையின் நடுவில் அவர்களுடைய ஆண்டு பெரிதாக விழுந்தால், மற்றவர்கள் அதை அவர்களுடைய வெள்ளிவிழா என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள். நாங்கள் எழுதிவைத்த விதி: நடத்தும் அணியின் பெயர் பதாகையின் கடைசி வரியில், ஒன்றுகூடல் என்ற சொல்லின் மூன்றிலொரு பங்கு உயரத்தில்.

முடிவெடுப்பது, எழுதிவைப்பது

பெயரை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் எந்த அணி பெரியதோ அதன் பெயர் வெல்லும். மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தாண்டிலிருந்தும் ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். பெயரைச் சொல்லி "பிடித்திருக்கிறதா?" என்று கேட்க வேண்டாம். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இப்படி ஒரு நிகழ்வு என்று கேள்விப்பட்டால் யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் "நாங்கள்" வந்தால் பெயர் தேறியது. "அவர்கள்", "இந்தப் பிள்ளைகள்" என்று வந்தால், அந்தப் பத்தாண்டு வெளியே நிற்கிறது. ஒரு பத்தாண்டாவது வெளியே நின்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள், மற்றவர்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

தேர்ந்த பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் முடிவுசெய்து, மூன்றையும் யாப்பின் முதல் உறுப்புரையில் எழுதுங்கள். பின்னால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தபடி மொழிபெயர்த்தால், வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் பற்றுச்சீட்டில் இன்னொரு பெயரும் இருக்கும், காசோலை திரும்பி வரும். அடுத்த உறுப்புரையில் யார் பழைய மாணவர் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். எங்களுடையது இது: "சேர்விடாப்பில் பெயர் பதியப்பட்டு, ஒரு தவணையேனும் இப்பாடசாலையில், அதன் எப்பெயரின் கீழும், கற்ற எவரும்." பரீட்சை என்ற சொல் அதில் இல்லை. விடுகைப்பத்திரமும் கேட்கவில்லை.

ஏற்கெனவே இருக்கும் சங்கத்தின் பெயரை மாற்றுவதென்றால், யாப்பில் சொன்ன முன்னறிவித்தல் நாட்களைக் கொடுத்து, பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, கூட்ட அறிக்கையில் மூன்று மொழிப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் பதிந்துகொள்ளுங்கள். வங்கி அந்த அறிக்கையின் பிரதியைத்தான் கேட்கும். கணக்கு மாறும்வரை பழைய முத்திரையை எறிய வேண்டாம்.

அட்டைகளை மட்டும் உடனே மாற்றலாம். "உயர்தர அணி" என்று அச்சிட்ட பழைய அட்டைகள் இருநூறு அளவில் எங்களிடம் மிஞ்சின. அவை இப்போது என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன, பின்பக்கத்தில் மனைவி கடைச் சாமான் பட்டியல் எழுதுகிறார்.